அறிக்கையில் பச்சை, வேலையில் சிவப்பு: திட்ட நிலை நிறங்களைச் சரியாகக் கொடுக்கும் முறை

வாராந்தரத் திட்ட அறிக்கையில் ஒவ்வொரு வேலைக்கும் எதிரே ஒரு நிறம் இருக்கும். பச்சை என்றால் திட்டமிட்டபடி போகிறது. மஞ்சள் என்றால் சிக்கல் தெரிகிறது, குழுவே சமாளித்துக்கொள்ளும். சிவப்பு என்றால் மேலிடம் தலையிடாமல் சொன்ன தேதியில் முடியாது. இதில் புரியாதது எதுவும் இல்லை. ஆனாலும் மாதக்கணக்கில் பச்சையாகவே இருந்த திட்டம் கடைசி மாதத்தில் திடீரென்று சிவப்பாவதை அலுவலகங்களில் அடிக்கடி பார்க்கிறோம். வெளியே பச்சை, உள்ளே சிவப்பு என்பதால் இதைத் ‘தர்பூசணித் திட்டம்’ என்பார்கள். உண்மையில் அந்தச் சிவப்பு திடீரென்று வருவதில்லை, பல வாரங்களுக்கு முன்பே எண்களில் இருந்திருக்கும். அதை வெளியே கொண்டுவரும் அறிக்கையை எப்படித் தயாரிப்பது என்று பார்ப்போம்.

படி 1: நிறத்துக்கு முன் விதியை எழுதுங்கள்

“பரவாயில்லை, போய்க்கொண்டிருக்கிறது” என்ற உணர்வை வைத்து நிறம் கொடுத்தால் எல்லாமே பச்சையாகத்தான் வரும். எனவே திட்டம் தொடங்கும் நாளிலேயே எல்லையைக் குறித்துவிடுங்கள். ஐந்தாறு மாதத் திட்டம் என்றால் 5 நாள் வரை தாமதம் பச்சை, 14 நாள் வரை மஞ்சள், அதற்கு மேல் சிவப்பு என்று வைக்கலாம். எண்கள் உங்கள் வசதிப்படி மாறலாம். ஆனால் வேலை நடந்துகொண்டிருக்கும்போது மாற்றக்கூடாது.

எக்செல் தாளில் A நெடுவரிசையில் மைல்கல்லின் பெயரும் B-யில் பொறுப்பாளரும் இருக்கட்டும். C-யில் முதலில் ஒப்புக்கொண்ட தேதி, D-யில் இன்றைய கணிப்புத் தேதி. நிறத்தை E-யில் இந்தச் சூத்திரம் சொல்லட்டும்:

```
=IF(D2-C2>14,"சிவப்பு",IF(D2-C2>5,"மஞ்சள்","பச்சை"))
```

C-யில் உள்ள தேதியைப் பூட்டிவிடுங்கள். தாமதமாகும்போதெல்லாம் அந்தத் தேதியையே தள்ளி வைத்தால், எவ்வளவு தாமதமானாலும் தாள் பச்சையாகவே இருக்கும். நிறத்தோடு அதன் பெயரும் எழுத்தில் தெரிவது நல்லது. சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிய முடியாதவர்கள் பல குழுக்களில் இருக்கிறார்கள்.

படி 2: சதவீதத்தைக் கேட்காதீர்கள், முடிந்ததை எண்ணுங்கள்

பொய்ப் பச்சை பிறக்கும் முதல் இடம் இதுதான். ஒரு மாதிரிக் கணக்கைப் போட்டுப் பார்ப்போம்.

ஒரு நிறுவனத்துக்குப் புதிய கணக்கு மென்பொருள் அமைக்கும் வேலை. 20 வாரம், ஏறக்குறைய ஒரே அளவுள்ள 40 பணிகள். அதாவது வாரத்துக்கு 2 பணி. பத்தாவது வார முடிவில் 20 பணிகள் முடிந்திருக்க வேண்டும். அறிக்கை “50 சதவீதம் முடிந்தது” என்கிறது. எனவே பச்சை.

அந்த 50 சதவீதம் எப்படி வந்தது? சோதித்து ஒப்படைத்த பணிகள் 12. தொடங்கி முடிக்காமல் இருப்பவை 10. அந்தப் பத்துக்கும் பொறுப்பாளர்கள் “80 சதவீதம்” என்று எழுதியிருக்கிறார்கள். பத்து பணியில் 80 சதவீதம் என்றால் 8 பணி. பன்னிரண்டும் எட்டும் இருபது. கூட்டல் சரிதான், ஆனால் அந்த எட்டுக்கு ஆதாரம் ஒருவரின் மதிப்பீடு மட்டுமே. செய்தது கண்ணுக்குத் தெரியும். மிச்சம் என்ன என்பது சோதிக்கும்போதுதான் தெரியும். அதனால்தான் 80-ஐ எட்டிய பணி வாரக்கணக்கில் அங்கேயே நிற்கிறது.

இதை உடனே தீர்மானிக்க வேண்டியதில்லை, இரண்டு வாரம் பொறுத்தால் போதும். அந்த 80 உண்மை என்றால் பத்து பணியிலும் சேர்த்து மிச்சம் இரண்டு பணி அளவு வேலைதான், அதாவது ஒரு வார உழைப்பு. எனவே பன்னிரண்டாவது வாரத்துக்குள் பத்தும் முடிந்து, மொத்தம் 22 ஆகியிருக்க வேண்டும். வந்து பார்த்தால் முடிந்தவை 14, மற்றவை “90 சதவீதம்”. இப்போது முடிந்ததை மட்டும் வைத்துக் கணக்குப் போடுங்கள். 12 வாரத்தில் 14 பணி என்றால் வாரத்துக்கு 1.17. மீதி 26 பணிக்கு 22 வாரத்துக்கு மேல் வேண்டும். திட்டம் 20-ஆவது வாரத்தில் அல்ல, 34-ஐத் தாண்டித்தான் முடியும். இது கறாரான கணக்கு. அரைகுறைப் பணிகள் கொஞ்சம் கைகொடுக்கலாம். ஆனால் எந்தத் தயவோடு கணக்கிட்டாலும் இது பச்சை அல்ல.

ஆகவே ஒரு பணி சோதனை முடிந்து ஒப்படைக்கப்பட்டால் 100, இல்லையென்றால் 0. இடையில் எதுவும் வேண்டாம். இந்த விதி ஒத்துவர, பணிகளை ஓரிரு வாரத்துக்குள் முடியும் அளவுக்குச் சிறிதாகப் பிரித்திருக்க வேண்டும்.

படி 3: சோதனைக்கு ஒதுக்கிய நாட்களைக் கண்காணியுங்கள்

இரண்டாவது மறைவிடம் இது. முன்வேலைகள் மூன்று வாரம் தாமதமானாலும் இறுதித் தேதி அசையாமல் இருக்கும். எப்படி? கடைசியில் இருக்கும் சோதனைக்கான நான்கு வாரத்தை ஒரு வாரமாகச் சுருக்கியிருப்பார்கள். தேதி மாறாததால் சூத்திரமும் பச்சைதான் காட்டும்.

லண்டனின் கிராஸ்ரெயில் ரயில் பாதையில் இது பெரிய அளவில் நடந்தது. மையப் பகுதியை 2018 டிசம்பரில் திறப்பதாக அறிவித்திருந்தார்கள். கட்டுமானம் தாமதமானபோது அந்தத் தேதியை விடாமல் சோதனைக் காலத்தைச் சுருக்கி, கட்டுமானத்தோடு சேர்த்தே நடத்தப் பார்த்தார்கள். தேதி தவறும் என்று பகிரங்கமாகச் சொன்னது 2018 ஆகஸ்ட் 31 அன்று, திறப்புக்கு மூன்று மாதத்துக்குச் சற்றே அதிகமாக இருக்கும்போது. பாதை திறந்தது 2022 மே 24-இல்.

எனவே தாளில் F என்று இன்னொரு நெடுவரிசை சேர்த்து, ‘சோதனைக்கு மீதமுள்ள நாட்கள்’ என்று வாராவாரம் எழுதுங்கள். அது குறைந்துகொண்டே வந்தால், இறுதித் தேதி அப்படியே இருந்தாலும் குறைந்தபட்சம் மஞ்சள்.

படி 4: மொத்த நிறத்துக்குச் சராசரி எடுக்காதீர்கள்

ஐந்து பச்சை, ஒரு சிவப்பு என்றால் “மொத்தத்தில் பச்சை” என்று எழுதும் பழக்கம் இருக்கிறது. அந்த ஒன்று பழைய தரவைப் புதிய மென்பொருளுக்குக் கொண்டுபோகும் வேலையாக இருந்தால் மற்ற ஐந்தும் முடிந்தும் பயனில்லை. மோசமான நிறமே மொத்த நிறம்:

```
=IF(COUNTIF(E2:E7,"சிவப்பு")>0,"சிவப்பு",
 IF(COUNTIF(E2:E7,"மஞ்சள்")>0,"மஞ்சள்","பச்சை"))
```

ஆனால் இதை 40 பணிக்கும் போட்டால் எப்போதும் சிவப்புதான் வரும், யாரும் மதிக்க மாட்டார்கள். இறுதித் தேதியைத் தீர்மானிக்கும் ஐந்தாறு மைல்கற்களுக்கு மட்டும் போடுங்கள்.

இன்னொன்று, குழுத் தலைவர் கொடுத்த சிவப்பு மேலாளரிடம் மஞ்சளாகி இயக்குநரிடம் பச்சையாகப் போய்ச் சேரும். தடுக்க ஒரு விதி போதும்: மேலே இருப்பவர் நிறத்தை மோசமாக்கலாம், நல்லதாக்கக்கூடாது.

படி 5: சிவப்பைக் காட்டியவருக்கு என்ன நடக்கிறது?

சிவப்பைக் காட்டியவரைக் கூட்டத்தில் வறுத்தெடுத்தால் அடுத்த வாரம் எந்தச் சூத்திரமும் வேலை செய்யாது. கணிப்புத் தேதியையே பொய்யாக எழுதுவார்கள். ஃபோர்டு நிறுவனத்துக்கு 2006-இல் தலைமை ஏற்ற ஆலன் முலாலி, வியாழன்தோறும் நிற அறிக்கைகளோடு கூட்டம் நடத்தினார். அந்த ஆண்டு நிறுவனம் 1,200 கோடி டாலருக்கும் மேல் இழந்தது. ஆனால் வந்த அறிக்கைகள் பச்சையாக இருந்தன. பிறகு பிரிவுத் தலைவர்களில் ஒருவரான மார்க் ஃபீல்ட்ஸ், புதிய கார் ஒன்றின் பின்கதவுக் கோளாறுக்காகச் சிவப்பைக் காட்டினார். அறை அமைதியானது. முலாலி கைதட்டினார். யார் உதவ முடியும் என்று கேட்டார், மற்றப் பிரிவுத் தலைவர்கள் ஆளும் யோசனையும் கொடுத்தார்கள். அதன் பிறகு மற்ற அறிக்கைகளிலும் சிவப்பும் மஞ்சளும் வரத் தொடங்கின.

உங்கள் தாளிலும் சிவப்புக்கு எதிரே மூன்று விவரங்கள் கட்டாயம் இருக்கட்டும்: என்ன உதவி, யாரிடமிருந்து, எந்தத் தேதிக்குள். நம் மாதிரித் திட்டத்தில் அது இப்படி இருக்கும்: “பழைய வாடிக்கையாளர் பட்டியலைச் சரிபார்க்கக் கணக்குப் பிரிவிலிருந்து இரண்டு பேர், நிதி மேலாளர் அனுப்ப வேண்டும், 13-ஆவது வாரத் திங்கட்கிழமைக்குள்.”