தமிழ் ஓடிபி செய்தியை 70 இடத்துக்குள் அடக்க

தமிழில் போகும் எஸ்எம்எஸ் ஒன்றுக்கு 70 இடங்கள்தான். அதைத் தாண்டினால் செய்தி பகுதிகளாக உடையும். இணைப்புக் குறிப்பு 3 இடங்களைப் பிடிப்பதால் பகுதிக்கு 67, கட்டணமும் இரட்டிப்பு. கண்ணுக்குத் தெரியும் எழுத்தை எண்ணாதீர்கள். புள்ளியும் துணைக்குறியும் தனித்தனி இடம். ‘சொல்’ நமக்கு இரண்டு எழுத்து, எஸ்எம்எஸ்ஸுக்கு நான்கு. பைதானில் `len()` சரியான எண்ணிக்கையைத் தரும்.

பலரும் எழுதுவது இப்படி:

```
482913 என்பது உங்கள் ஒருமுறை கடவுச்சொல். தயவுசெய்து இதனை எவருடனும் பகிர்ந்து கொள்ள வேண்டாம்.
```

இது 92. இவ்வளவு நீண்டும் பணம் எவ்வளவு போகிறது என்பதே இல்லை. இதற்குப் பதிலாக:

```
ரூ.4500 செலுத்த ஓடிபி 482913. கேட்பவர் மோசடிக்காரர்; சொல்லாதீர்.
```

இது 64. ‘பணம் வரும், எண்ணைச் சொல்லுங்கள்’ என்று போனில் ஏமாற்றுபவனை ‘செலுத்த’ என்ற ஒரு சொல்லே காட்டிக்கொடுத்துவிடும். ‘பகிர வேண்டாம்’ என்பதைவிட ‘கேட்பவர் மோசடிக்காரர்’ வலுவானது. வங்கி ஊழியர் என்று சொல்லிக்கொண்டு கேட்பவரையும் அது சேர்த்துக்கொள்கிறது.

மாறும் இடங்களில் மிக நீளமான மதிப்பைப் போட்டுச் சோதியுங்கள். 4500 இருக்கும் இடத்தில் 1,25,000.00 வந்தால் 71 ஆகி, செய்தி உடைந்துவிடும். பைசாவை விட்டால் 68, இரண்டு இடம் மிஞ்சும். வங்கிப் பெயரும் கட்டாயம் என்றால் 70-க்குள் திணிக்க எச்சரிக்கையை வெட்டாதீர்கள். இரண்டு பகுதியாகவே, 134-க்குள் திட்டமிடுங்கள்.

பழைய எழுத்துருவிலிருந்து மாற்றிய உரையில் ‘ொ’ சில நேரம் ‘ெ’, ‘ா’ என இரண்டாகப் பிரிந்திருக்கும். பார்வைக்கு வித்தியாசமே தெரியாது, எண்ணிக்கையில் ஒன்று கூடும். வணிகச் செய்திகளின் வார்ப்புருவை முன்கூட்டியே பதியும் டிஎல்டி தளத்தில் இருப்பதோடு பொருந்தாமல் செய்தி நிராகரிக்கப்படவும் கூடும். பதிவு செய்யும் முன் உரையை, பிரிந்த குறிகளை ஒன்றாக்கும் `NFC` வடிவுக்கு மாற்றிவிடுங்கள்.