போனில் வெப்சைட் முகவரி சொல்லிக் கொடுப்பது எப்படி?

கோவில்பட்டியில் இருக்கும் பெரியம்மாவுக்கு ஆதார் தளத்தின் முகவரி வேண்டியிருந்தது. வாட்ஸ்அப்பில் லிங்க் அனுப்பியிருக்கலாம்தான். ஆனால் மெசேஜில் வருகிற எந்த லிங்கையும் தொடாதீங்க என்று அவருக்குப் பாடம் எடுத்ததே நான். அதை நானே கெடுக்க மனம் வரவில்லை. சொல்ல வேண்டிய முகவரி இது:

```
myaadhaar.uidai.gov.in
```

முதல் தடவை "மை ஆதார் டாட்..." என்று மளமளவென ஒப்பித்தேன். அவர் டாட்டையும் எழுத்துக் கூட்டி d, o, t என்று அடித்துவிட்டார். தப்பு என்னுடையது. இரண்டாம் தடவை செய்தது கீழே.

1. முதலில் பேப்பரில்

பேசுகிற போனிலேயேதான் அவர் டைப் செய்யவும் வேண்டும். காதில் வைத்தால் திரை அணைந்துவிடும். சில போன்களில் பேசும்போது நெட்டும் நின்றுவிடும். அதனால் ஸ்பீக்கரில் போட்டு, பேப்பரும் பேனாவும் எடுக்கச் சொன்னேன். "பெரியம்மா, பெரிய எழுத்திலேயே எழுதுங்க" என்றேன். தளத்தின் பெயரில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து என்ற வித்தியாசம் கிடையாது.

2. துண்டு துண்டாக

"மொத்தம் நாலு துண்டு. நடுவுல மூணு புள்ளி." டாட் என்ற சொல்லையே விட்டுவிட்டேன். துண்டுகளில் முறையே 9, 5, 3, 2 எழுத்துகள் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டால், எழுதி முடித்ததும் அவரே எண்ணிப் பார்த்துக்கொள்வார். https:// சொல்ல வேண்டாம், பிரவுசரே போட்டுக்கொள்ளும். www இந்த முகவரியில் இல்லை. இருக்கிற முகவரியில் மட்டும் சொல்லுங்கள்.

3. எழுத்துக்கு ஒரு அடையாளம்

நிறையப் பேர் சறுக்குவது இங்கேதான். D, T இரண்டும் நம் வாயில் டிதான். B, P இரண்டும் பிதான். எம், என் போனில் ஒன்றுபோலவே கேட்கும். அதனால் எழுத்தோடு அவர் தினமும் கண்ணால் பார்க்கிற ஒன்றைச் சேர்த்துச் சொல்லுங்கள்: டாக்டர் போர்டுல வர்ற டி, மதுரை எம், நாகர்கோவில் என். ராணுவத்தார் சொல்லும் ஆல்ஃபா, பிராவோ எல்லாம் பெரியம்மாவுக்கு இன்னொரு புதிர்.

"ஈ" என்று கேட்டதும் இகரம் என்று நினைத்து I எழுதுகிறவர்களும் உண்டு. "இந்தியா ஐ" என்றால் குழப்பம் இல்லை.

"டபுள் ஏ" என்றும் சொல்லாதீர்கள். டபுள் என்றதும் கை W பக்கம் போகும். "ஒரு ஏ, அது பக்கத்துல இன்னொரு ஏ." ஆதாரில் இது இரண்டு இடத்தில் வருகிறது. ஊரே aadhar என்று எழுதுவதால், பழக்கத்தில் பின்னால் உள்ள இரண்டில் ஒன்று விழுந்துவிடும். பெரியம்மா எண்ணியபோது எட்டுதான் வந்தது. "ஒண்ணு குறையுது தம்பி" என்று அவரே பிடித்துவிட்டார்.

4. திருப்பிப் படிக்கச் சொல்லுங்கள்

நீங்கள் படித்து "சரிதானே?" என்று கேட்டால் ஆமாம் என்றுதான் பதில் வரும். அவர் எழுதியதை அவரே படிக்கட்டும். ஒவ்வொரு எழுத்தாக, வலதுகைப் பக்கத் துண்டிலிருந்து ஆரம்பிக்கச் சொல்லுங்கள். இடப்பக்கத் துண்டில் தப்பினால் பெரும்பாலும் பக்கம் திறக்காது, அவ்வளவுதான். கடைசியில் வரும் uidai.gov.in பிசகினால் வேறு யாரோ நடத்தும் தளத்தில் போய் ஆதார் எண்ணைக் கொடுத்துவிட வாய்ப்பிருக்கிறது.

5. இப்போது டைப்

குரோமைத் திறந்து மேலே உள்ள நீளப் பெட்டியைத் தொடச் சொல்லுங்கள். கீபோர்டு தமிழில் இருந்தால் முதலில் ஆங்கிலத்துக்கு மாற்ற வேண்டும். புள்ளி, ஸ்பேஸ் பட்டனுக்குப் பக்கத்தில் இருக்கும். கீபோர்டு மேலே காட்டுகிற சொற்களைத் தொட வேண்டாம். தொட்டால் பின்னால் ஒரு இடைவெளி ஒட்டிக்கொண்டு வரும்.

6. என்ன தெரிகிறது என்று கேளுங்கள்

"திறந்துச்சா?" என்று கேட்காதீர்கள், கூகுள் பக்கமும் திறந்த பக்கம்தான். வரிசையாகப் பல தளங்களின் பெயர் தெரிந்தால் இடைவெளி விழுந்திருக்கிறது, அல்லது புள்ளி விட்டுப்போயிருக்கிறது. அதில் முதலில் வருவதைத் தொட விடாதீர்கள், அது விளம்பரமாக இருக்கலாம். This site can't be reached என்று வந்தால் பெரும்பாலும் எழுத்துப் பிழை. பேப்பரோடு ஒப்பிடச் சொல்லுங்கள். நெட்டே இல்லை என்று வந்தால் போனை வைத்துவிட்டு, பேப்பரைப் பார்த்து அடித்துவிட்டுத் திரும்பக் கூப்பிடச் சொல்லுங்கள். பெரியம்மாவுக்கு அப்படித்தான் ஆனது.

சாய்கோட்டுக்குப் பின்னால் நீளமாக வால் இருக்கிற முகவரியை நான் போனில் சொல்வதே இல்லை. வாலில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து மாறினாலே பல தளங்களில் 404 வந்துவிடும். முகப்புப் பக்கம் வரை அழைத்துப் போய், அங்கிருந்து "இந்தப் பட்டனைத் தொடுங்க" என்று கூட்டிப் போவேன்.