540 ரூபாய் எங்கே போச்சு?

பெங்களூரு பீன்யாவில் ஜாப் ஒர்க் செய்யும் பட்டறைக்குக் கணக்கு பார்க்கிறேன். ஒரு வாடிக்கையாளர் இரண்டு பில்லுக்குச் சேர்த்துப் பணம் போட்டார். ஒன்று 1,00,000, மற்றது 50,000. 18% ஜிஎஸ்டி 27,000 சேர்ந்தால் 1,77,000. வாடிக்கையாளர் பிடித்து நம் பெயரில் வருமான வரியாகக் கட்டும் டிடிஎஸ் 2%, அதாவது 3,000 போக 1,74,000 வரணும். பேங்கில் வந்ததோ 1,73,460.

பேமென்ட் அட்வைஸில் இருந்த யுடிஆர் நம்பர் பேங்க் ஸ்டேட்மென்ட்டோடு ஒத்துப்போனது. ஆக, பணம் இதுதான். குறைந்த 540-ஐ 27,000-ஆல் வகுத்தேன்: சரியாக 2%. ஜிஎஸ்டிக்கும் சேர்த்துப் பிடித்துவிட்டார்கள்! பில்லில் ஜிஎஸ்டி தனியாகக் காட்டியிருந்தால் அதன்மேல் டிடிஎஸ் கிடையாது; 2017-லேயே வருமான வரித்துறை சுற்றறிக்கை சொல்லிவிட்டது.

அவர்கள் அக்கவுன்டன்ட்டிடம், "சார், மொத்தம் 3,540-ம் அரசுக்குக் கட்டிட்டீங்களா?" என்றேன். சலான் அனுப்பினார். கட்டியதைத் திருப்பிக் கேட்பதைவிட நம் வருமான வரியில் கழித்துக்கொள்வது சுலபம். டேலியில் ரசீது போடும்போது பேங்க் 1,73,460, டிடிஎஸ் வரவேண்டியது 3,540 என்று பிரித்து, 1,18,000, 59,000 என இரண்டு பில்லையும் தனித்தனியாகத் தீர்த்தேன். 540-ஐ தள்ளுபடியில் போட்டிருந்தால் அந்த வரி கைவிட்டுப் போயிருக்கும்.

அவர்களின் காலாண்டு டிடிஎஸ் ரிட்டர்ன் தாக்கலான பிறகு, நம் பெயரில் கட்டிய வரியைக் காட்டும் 26ஏஎஸ்-ல் 3,540 தெரிந்தது. ஆனால் எதிரே தொகை 1,77,000 என்று நின்றது. நம் விற்பனைக் கணக்கில் 1,50,000தான். வித்தியாசம் ஜிஎஸ்டி என்று அப்போதே குறித்து வைத்துவிட்டேன்.