மதச் சிறுபான்மையினரைப் பற்றி எழுதும்போது: கணக்கெடுப்பு அட்டவணையை வாசிப்பதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கோவை, ஈரோடு, திருப்பூர் மாவட்டக் கல்லூரிகளிலிருந்து மதச் சிறுபான்மையினர் பற்றிய ஆய்வுக் கட்டுரைகள் எனக்கு வாசிப்புக்கு வருவதுண்டு. எழுதுகிறவர்கள் மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் மதவாரி எண்ணிக்கையைத் தரும் C-01 அட்டவணையைத் திறந்து, தங்கள் மாவட்டத்துக்கான வரியை எடுத்து, சதவீதம் போட்டு முதல் பத்தியை முடித்துவிடுகிறார்கள். எண்களைப் பிழையில்லாமல்தான் எடுத்திருப்பார்கள். ஆனால் அந்த எண் எந்தக் கேள்விக்கு, யார் சொன்ன பதில் என்பதைப் பார்த்திருக்க மாட்டார்கள். கொங்கு நாட்டைப் பற்றிய கட்டுரைகளில் இதனால் அதிகம் பிசகுவது கிறிஸ்தவர் கணக்கு என்பதால் அதையே விரிவாகச் சொல்கிறேன்.

2011 கணக்கெடுப்புப் படிவத்தில் ஏழாவது கேள்வி மதம், எட்டாவது கேள்வி பட்டியல் சாதியா பழங்குடியா என்பது. மதத்துக்கு இந்து, முஸ்லிம், கிறிஸ்தவர், சீக்கியர், பௌத்தர், சமணர் என்ற ஆறுக்கு மட்டுமே குறியீட்டு எண் உண்டு. வேறு மதம் சொன்னால் பெயரை முழுதாக எழுத வேண்டும். எட்டாவது கேள்விக்குப் போகும்போது ஏழாவதன் பதில் குறுக்கே நிற்கிறது. 1950-ஆம் ஆண்டின் பட்டியல் சாதிகள் ஆணைப்படி முதலில், பஞ்சாப் பகுதியின் சில சீக்கியச் சாதிகள் தவிர, இந்துக்கள் மட்டுமே பட்டியல் சாதியினராக ஏற்கப்பட்டார்கள். 1956-இல் மற்றச் சீக்கியரும் 1990-இல் பௌத்தரும் சேர்க்கப்பட்டார்கள். கிறிஸ்தவர் என்றோ முஸ்லிம் என்றோ ஒருவர் சொல்லிவிட்டால், அவர் அருந்ததியராகவோ பறையராகவோ ஊரார் அத்தனை பேருக்கும் தெரிந்தவராக இருந்தாலும், எட்டாவது கேள்வியில் அவரைப் பட்டியல் சாதி என்று கணக்கெடுப்பாளர் பதியக் கூடாது. பழங்குடியினருக்கு இந்தத் தடை கிடையாது. அவர்கள் எந்த மதத்தினராகவும் இருக்கலாம்.

பட்டியல் சாதியினரை மதவாரியாகப் பிரித்துத் தரும் அட்டவணையில் கிறிஸ்தவர் இல்லாததற்குக் காரணம் இதுதான். அந்த அட்டவணையைப் பார்த்துவிட்டு "கொங்குப் பகுதியில் பட்டியல் சாதியிலிருந்து கிறிஸ்தவத்துக்கு மாறியவர்கள் இல்லை" என்று எழுதிய கட்டுரை ஒன்று என் கைக்கு வந்தது. அங்கே யாரும் எண்ணப்படவே இல்லை. எண்ணக் கூடாது என்று சட்டம் சொல்வதால் இடம் காலியாக இருக்கிறது. எண்ணிப் பார்த்து ஒருவரும் இல்லை என்று வந்த பூஜ்யத்தையும் விதியால் வந்த வெற்றிடத்தையும் ஒன்றாக வாசிக்கலாகாது.

கணக்கெடுப்புக்குப் போன பள்ளி ஆசிரியர் ஒருவர் சொன்ன காட்சியைக் கேட்டால் எண் எப்படிப் பிறக்கிறது என்பது விளங்கும். காங்கேயம் பக்கம் ஒரு காலனி வீடு. சுவரில் சிலுவை, வாசற்படிக்கு மேலே வேத வசனம் அச்சடித்த காலண்டர். மதம் என்ன என்று கேட்டதும் வீட்டுக்காரர் சற்றுத் தயங்கி, "சர்டிபிகேட்ல எப்படி இருக்குதோ அப்படியே இந்துன்னு போட்டுக்குங்க சார், பையன் காலேஜ்ல படிக்கிறானுங்க" என்றாராம். சொன்னதை அப்படியே பதிய வேண்டும் என்பதுதான் கணக்கெடுப்பாளருக்குத் தரப்பட்ட விதி. சுவரைப் பார்த்துத் திருத்த அவருக்கு அதிகாரம் இல்லை. பட்டியல் சாதியிலிருந்து கிறிஸ்தவரானவர்கள் தமிழ்நாட்டில் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் வருகிறார்கள். அதனால் சாதிச் சான்றிதழில் மதம் மாறினால் கல்வி உதவித்தொகை, ஒதுக்கீடு, வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் பாதுகாப்பு எல்லாம் மாறும். கணக்கெடுப்பில் சொன்னதை 1948-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி யாரும் பார்வையிட முடியாது, நீதிமன்றத்தில் சான்றாகவும் காட்ட முடியாது. ஆனால் வாசலில் நிற்பவர் அரசாங்கப் பள்ளி ஆசிரியர், கையில் அரசாங்கப் படிவம். அந்தக் குடும்பத்துக்கு அச்சம் வருவது இயல்பு.

இதில் ஒரே மனிதர் இரண்டு விதமாகக் காணாமல் போகிறார். இந்து என்று சொன்னால் கிறிஸ்தவர் எண்ணிக்கையில் குறைகிறார். கிறிஸ்தவர் என்று சொன்னால் பட்டியல் சாதி எண்ணிக்கையில் குறைகிறார். கட்டுரையாளர்கள் முதலாவதை மட்டும் எழுதி இரண்டாவதை விட்டுவிடுகிறார்கள். இரண்டையும் "விடுபடல்" என்ற ஒரே சொல்லால் குறிப்பது அடுத்த தவறு. விடுபடல் என்றால் அந்த ஆள் கணக்கிலேயே வரவில்லை என்று பொருள். காங்கேயத்து வீட்டுக்காரர் கணக்கில் வந்திருக்கிறார், வேறு தலைப்பின் கீழ் வந்திருக்கிறார். மொத்த மக்கள்தொகையில் அவரால் ஒன்றும் குறையவில்லை.

உண்மையான விடுபடலை அளக்க ஒவ்வொரு கணக்கெடுப்புக்குப் பிறகும் ஒரு மாதிரிச் சரிபார்ப்பு நடத்துகிறார்கள். 2011-க்கு இந்திய அளவில் கிடைத்த நிகர விடுபடல் ஆயிரத்துக்கு 23 பேர். இது மதம் பார்க்காமல் எல்லோருக்கும் சேர்த்துக் கணித்த விகிதம். இதை எடுத்துக் கிறிஸ்தவர் எண்ணிக்கையோடு 2.3 சதவீதம் கூட்டிக்கொண்டால், வகைமாற்றத்தால் வந்த குறையை விடுபடலுக்கான மருந்தால் சரிசெய்ததாகிவிடும். திருப்பூர் பனியன் கம்பெனி அறைகளில் எட்டுப் பேர், பத்துப் பேராகத் தங்கியிருக்கும் வடமாநிலத் தொழிலாளரிடையே உண்மையான விடுபடல் கூடுதலாக இருக்கக்கூடும். ஆனால் விடுபட்டவர்களில் எந்த மதத்தார் எத்தனை பேர் என்று தெரியாத நிலையில், அதனால் மாவட்டத்தில் முஸ்லிம்களின் சதவீதம் கூடியதா குறைந்ததா என்று எந்தப் பக்கமும் எழுத முடியாது.

சரி, தேவாலயப் பதிவேட்டை வைத்துத் திருத்திக்கொள்ளலாமே என்று கேட்பார்கள். பதிவேடு எண்ணுவது ஞானஸ்நானம் பெற்றவர்களை. ஊரை விட்டுத் திருப்பூருக்கு வேலைக்கு வந்த குடும்பம் சொந்த ஊர்ப் பங்கிலும் இருக்கலாம், வந்த ஊர்ப் பங்கிலும் இருக்கலாம். மறைமாவட்ட எல்லையும் வருவாய் மாவட்ட எல்லையும் ஒன்றல்ல. தனித்தனியாக இயங்கும் பெந்தெகொஸ்தே சபைகளுக்குப் பொதுப் பதிவேடே கிடையாது. இவற்றைக் கூட்டிக் கணக்கெடுப்போடு கழித்து வரும் மிச்சத்தை "மறைந்திருக்கும் கிறிஸ்தவர்கள்" என்று தலைப்பிட்டு அச்சிடுவது ஆய்வாகாது. அந்தச் சொல்லாட்சியே பதில் சொன்னவரைப் பொய்யராக்குகிறது. ஞாயிறன்று சபைக்கும் பங்குனியில் மாரியம்மன் நோம்பிக்கும் போகிற வீடுகள் நம் பக்கத்தில் உண்டு. அவர்கள் சொன்ன பதில் எதுவோ அதுதான் அவர்கள் பதில்.

இனி, சிறிய எண்களில் நேரும் பிழை. C-01 அட்டவணையின் கடைசியில் "மதம் குறிப்பிடப்படவில்லை" என்ற நிரல் இருக்கிறது. பெரும்பாலோர் அதைத் தொடுவதே இல்லை. தமிழ்நாட்டில் 2001-இல் 59,344 ஆக இருந்த இந்த எண்ணிக்கை 2011-இல் 1,88,586 ஆனது. அதே பத்தாண்டில் சமணர் எண்ணிக்கை 83,359-இலிருந்து 89,265 ஆனது, அதாவது சுமார் 7 சதவீத உயர்வு. மாநிலத்தின் மொத்த உயர்வோ 15.6 சதவீதம். விஜயமங்கலத்துச் சமணக் கோயிலில் தொடங்கி "கொங்கிலும் தமிழகத்திலும் சமணம் தேய்கிறது" என்று முடிக்க இந்த இரண்டு எண்கள் போதும் என்று ஒரு மாணவர் நினைத்திருந்தார். கணக்கைப் போட்டுப் பார்ப்போம். மாநில வேகத்திலேயே சமணரும் வளர்ந்திருந்தால் 2011-இல் இன்னும் சுமார் 7,100 பேர் இருந்திருக்க வேண்டும். மதம் குறிப்பிடாதோர் நிரல் கூடியது 1,29,242 பேர். அந்தக் கூடுதலில் நூற்றுக்கு ஆறு பேர் சமணராக இருந்துவிட்டாலே "தேய்வு" மறைந்துவிடும். அப்படி இருந்தார்கள் என்று நான் சொல்லவில்லை; அட்டவணையை மட்டும் வைத்து இல்லை என்று சொல்ல முடியாது என்கிறேன். 44,18,331 கிறிஸ்தவர்களுக்கு இதே நிரல் பெரிய பொருட்டல்ல. அதை விலக்கிச் சதவீதம் போட்டாலும் 6.12 என்பது 6.14 ஆகும், அவ்வளவுதான். ஒரே குறை பெரிய சமூகத்தின் எண்ணில் கரைந்துவிடுகிறது, சிறிய சமூகத்தின் முடிவையே புரட்டுகிறது.

இதே நிரலை "கடவுள் மறுப்பாளர்" என்று மொழிபெயர்த்து, ஈரோட்டு மண்ணின் பெரியார் மரபோடு முடிச்சுப் போட்ட கட்டுரையும் உண்டு. ஆசை புரிகிறது. ஆனால் இந்திய அளவிலும் இந்த நிரல் 7,27,588-இலிருந்து 28,67,303 ஆக, ஏறத்தாழ நான்கு மடங்காக உயர்ந்திருக்கிறது. தமிழ்நாட்டின் உயர்வு மூன்று மடங்கு சொச்சம்தான். சொல்ல மறுத்தவர், கேட்கப்படாமல் விடப்பட்டவர், மதமில்லை என்றவர் எல்லோரும் கலந்திருக்கக்கூடிய நிரலிலிருந்து ஒரு கொள்கையை எடுத்துவிட முடியாது.

எல்லை மாற்றத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2001-இல் கோவை மாவட்ட மக்கள்தொகை 42,71,856, 2011-இல் 34,58,045. மக்கள் எங்கும் போகவில்லை. 2009-இல் திருப்பூர் மாவட்டம் பிரிந்தபோது அவிநாசி, பல்லடம், உடுமலைப்பேட்டை, திருப்பூர் தாலுகாக்கள் கோவையிலிருந்தும், தாராபுரம், காங்கேயம் தாலுகாக்கள் ஈரோட்டிலிருந்தும் போயின. இதைக் கவனிக்காமல் இரண்டு ஆண்டுகளின் மாவட்டச் சதவீதங்களை அடுத்தடுத்து வைத்தால், ஊர்கள் கைமாறியதைத்தான் மத வளர்ச்சி என்று எழுதுவீர்கள். 2001 தாலுகா வரிகளைக் கூட்டிப் புதிய எல்லைக்குள் கொண்டுவந்த பிறகே ஒப்பிட வேண்டும். மதவாரி எண்கள் தாலுகா, நகரம் வரைதான் வெளியாகின்றன, கிராம அளவில் இல்லை. எனவே தாலுகாவுக்குள்ளேயே கிராமங்கள் பிரிந்திருந்தால் முழுத் துல்லியம் வராது, அதை அடிக்குறிப்பில் சொல்லிவிட வேண்டும்.

கட்டுரையில் வாக்கியத்தை எப்படி எழுதுவது என்று கேட்கும் மாணவர்களுக்கு நான் எழுதிக்கொடுப்பது இது: "2011 கணக்கெடுப்பில் தம்மைக் கிறிஸ்தவர் என்று தெரிவித்தோர் இத்தனை பேர், 1950 ஆணையின் காரணமாகப் பட்டியல் சாதிப் பின்னணி உடைய கிறிஸ்தவர்கள் இந்த எண்ணிக்கையிலோ பட்டியல் சாதி எண்ணிக்கையிலோ முழுமையாகத் தெரியவரமாட்டார்கள், குறையின் அளவை இந்தத் தரவிலிருந்து கணிக்க இயலாது." வாக்கியம் நீளம்தான், சுருக்க வேண்டாம்.

களப்பணிக்குப் போய் அந்தக் குறையை நேரில் கண்டவர்களுக்கு இன்னொன்று உண்டு. கணக்கெடுப்புப் பதிவை மூடிவைக்கும் சட்டம் உங்கள் கட்டுரையை மூடிவைக்காது. காலனியின் பெயர், சபையின் பெயர், "மகன் பொறியியல் இரண்டாம் ஆண்டு" என்ற விவரம் மூன்றும் ஒரே பக்கத்தில் இருந்தால், அந்தப் பையனின் சான்றிதழை எதிர்த்து மனுப் போட நினைக்கிறவருக்கு வேறெதுவும் தேவைப்படாது. காங்கேயத்து வீட்டைப் பற்றி மேலே நான் சொன்னதில்கூட ஊர்ப்பெயரை மாற்றித்தான் எழுதியிருக்கிறேன்.