கோர் பெட்டியிலிருந்து க்யூ மதிப்பு வரை: ஒரு சார்னோகைட் பாறைக்கு மதிப்பெண் போடுவது எப்படி

சுரங்கப்பாதை தோண்டப் போகும் பாறையை மதிப்பிட உலகம் முழுவதும் இரண்டு முறைகள்தான் அதிகம் புழக்கத்தில் இருக்கின்றன. ஒன்று, பியனியாவ்ஸ்கி தென்னாப்பிரிக்காவில் 1973-ல் கொண்டுவந்து 1989-ல் திருத்திய ஆர்.எம்.ஆர். ஆறு விஷயங்களுக்கு மதிப்பெண் போட்டு 100-க்கு எவ்வளவு என்று கூட்டுவது. இன்னொன்று, நார்வேயின் புவித்தொழில்நுட்ப நிறுவனத்தில் பார்ட்டன், லியென், லுண்டே மூவரும் 1974-ல் வெளியிட்ட க்யூ. இது மூன்று பின்னங்களின் பெருக்கல், விடை 0.001-லிருந்து 1000 வரை போகும்.

```
RMR = UCS + RQD + பிளவு இடைவெளி + பிளவு நிலை + நீர் - திசைக் கழிவு
Q   = (RQD / Jn) x (Jr / Ja) x (Jw / SRF)
```

இதில் UCS பாறையின் நசுக்கு வலிமை, Jn பிளவுத் தொகுதிகளின் எண்ணிக்கைக்கான எண், Jw நீருக்கானது, SRF அழுத்தத்துக்கானது; மற்றவை போகப் போக வரும். அட்டவணைகள் எல்லாப் பாடநூல்களிலும் கிடைக்கும். புதிதாக வருபவர்கள் தடுமாறுவது அங்கே அல்ல. எந்த எண்ணைக் கோர் எனப்படும், துளையிட்டு எடுத்த பாறைத் தண்டிலிருந்து எடுப்பது, எதை வெளியே தெரியும் பாறை முகத்திலிருந்து எடுப்பது என்பதில்தான். அதை ஒரு கணக்காகவே போட்டுப் பார்ப்போம். கணக்குக்காக நான் வைத்துக்கொண்ட உதாரணம் இது: 10 மீட்டர் அகலச் சாலைச் சுரங்கப்பாதை, 60 மீட்டர் ஆழம், சென்னை பல்லாவரம் பக்கம் குவாரிகளில் பார்க்கக் கிடைக்கிற மாதிரியான சார்னோகைட். கையில் செங்குத்தாகப் போட்ட ஒரு துளையின் கோர் பெட்டியும், பக்கத்தில் அதே பாறை வெட்டுப்பட்டு நிற்கும் ஒரு முகமும் இருக்கின்றன.

படி 1: துண்டுகளைப் பொருத்திப் பார்த்துவிட்டு அளங்கள்

ஒரு முறை துளையிட்டு எடுத்த நீளம் 150 செ.மீ. பெட்டியில் இருக்கும் துண்டுகள் வரிசையாக 31, 22, 8, 8, 6, 26, 6, பிறகு நொறுங்கிய 9 செ.மீ., அப்புறம் 18, 12. ஆர்.க்யூ.டி. என்பது 10 செ.மீ. அல்லது அதற்கு மேல் நீளமுள்ள துண்டுகளைக் கூட்டி மொத்த நீளத்தால் வகுத்த சதவீதம். நீளத்தைக் கோரின் நடுக்கோட்டில் அளக்க வேண்டும். அப்படியே கூட்டினால் 109 செ.மீ., அதாவது 73%.

இப்போது அந்த இரண்டாவது 8-ஐயும் அதை அடுத்த 6-ஐயும் எடுத்து முனைகளைச் சேர்த்துப் பாருங்கள். கச்சிதமாகப் பொருந்துகின்றன. உடைந்த முகம் பளிச்சென்று புதிதாக இருக்கிறது, கனிமங்கள் மின்னுகின்றன, துருக்கறையோ பச்சைப் பூச்சோ இல்லை. இது துளைக் கருவியின் அதிர்விலோ, கோரைக் குழாயிலிருந்து தட்டி எடுத்தபோதோ வந்த உடைப்பு. பாறையில் இல்லாத பிளவு. ஆகவே அதை 14 செ.மீ. ஒரே துண்டாக எண்ண வேண்டும். மொத்தம் 123 செ.மீ.; ஆர்.க்யூ.டி. 82%. ஆர்.எம்.ஆர். அட்டவணையில் 73-க்கு 13 மதிப்பெண், 82-க்கு 17. ஒரே ஒரு உடைப்பைத் தவறாகப் படித்ததற்கு நான்கு மதிப்பெண் போய்விடும். இயற்கைப் பிளவின் முகத்தில் கறை, களிம்பு, கனிமப் பூச்சு, தேய்ந்த வழவழப்பு இதில் ஏதாவது ஒன்று அநேகமாக இருக்கும். சந்தேகம் வந்தால் இயற்கைப் பிளவு என்றே வைத்துக்கொள்வது வழக்கம். ஆனால் பார்க்காமலேயே அப்படி எழுதுவது சரியல்ல.

இன்னொன்றையும் பாருங்கள். எல்லாத் துண்டுகளையும் கூட்டினால் 146 தான் வருகிறது. மீதி 4 செ.மீ. எங்கே? அது களிமண்ணாக இருந்து துளையிடும் நீரில் கரைந்து போயிருக்கலாம். துளையிட்டவரின் பதிவேட்டில் அந்த ஆழத்தில் நீரின் நிறம் மாறியதா, கருவி திடீரென்று வேகமாக இறங்கியதா என்று பாருங்கள். பெட்டியில் இல்லாத அந்த 4 செ.மீ. உள்ளதிலேயே மோசமான இடமாக இருக்கக்கூடும். நொறுங்கிய 9 செ.மீ.க்குப் பக்கத்திலேயே அந்த இழப்பும் இருந்தால் இரண்டையும் சேர்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். படி 5-ல் தேவைப்படும்.

படி 2: கோர் காட்டாததைப் பாறை முகத்தில் தேடுங்கள்

கோரைப் பார்த்தால் இரண்டு விதப் பிளவுகள்தான் தெரிகின்றன: ஏறக்குறையக் கிடையானவை, 60 டிகிரி சாய்ந்தவை. பாறை முகத்துக்குப் போனால் மூன்றாவது ஒரு தொகுதி தெளிவாகத் தெரிகிறது. 80 டிகிரி சாய்வு, அரை மீட்டருக்கு ஒன்று. கோரில் ஏன் வரவில்லை? செங்குத்துத் துளை ஒரு பிளவைச் சந்திக்கும் தூரம், பிளவு இடைவெளியைச் சாய்வின் கோசைனால் வகுத்தது:

```
0.5 / cos(80) = 2.9 மீ
```

ஒன்றரை மீட்டர் கோரில் அது ஒரு முறைகூட வராமல் போகலாம். செங்குத்துத் துளைகளை மட்டும் நம்பி எழுதிய அறிக்கைகள் பாறையை உள்ளதைவிட நல்லதாகக் காட்டுவதற்கு முக்கியக் காரணம் இதுதான். முடிந்தால் ஒரு சாய்வுத் துளையாவது போடச் சொல்லுங்கள்.

தொகுதிகள் மூன்று என்பதால் Jn = 9. கோரை மட்டும் பார்த்திருந்தால் இரண்டு தொகுதிக்கு உரிய 4 என்று போட்டிருப்போம். க்யூ இரண்டு மடங்குக்கு மேல் ஏறியிருக்கும்.

முகத்தில் அளவு நாடாவை ஒவ்வொரு தொகுதிக்கும் செங்குத்தாகப் பிடித்து இடைவெளியை அளங்கள். நம் உதாரணத்தில் 60 டிகிரித் தொகுதி 25 செ.மீ., கிடைத்தொகுதி 30, மூன்றாவது 50. இதிலிருந்து ஒரு கன மீட்டரில் எத்தனை பிளவுகள் என்று கணக்கிட்டு, ஆர்.க்யூ.டி.யைச் சரிபார்க்கலாம்:

```
Jv  = 1/0.25 + 1/0.30 + 1/0.50 = 9.3
RQD = 110 - 2.5 x 9.3 = 87
```

கோர் சொன்னது 82, முகம் சொல்வது 87. நெருங்கித்தான் இருக்கின்றன. க்யூ கணக்கில் ஆர்.க்யூ.டி.யை ஐந்தின் மடங்காக எடுத்தால் போதும். 80 என்று வைத்துக்கொள்வோம். இரண்டும் 30, 40 என்று விலகினால், எங்கோ துளை உடைப்புகளை எண்ணியிருக்கிறீர்கள், அல்லது குவாரி வெடியில் திறந்த பிளவுகளை முகத்தில் எண்ணியிருக்கிறீர்கள். வெடி வைத்து வெட்டிய முகத்தில் இரண்டாவது மிகச் சாதாரணம்.

படி 3: பிளவின் முகத்தைத் தொட்டுப் பாருங்கள்

எனக்கு இந்த வேலையில் மிக முக்கியமாகப் படுவது இந்தப் படிதான். Jr என்பது பிளவின் சொரசொரப்பு, Ja என்பது அதன் முகத்தில் உள்ள மாற்றமும் பூச்சும். இரண்டின் விகிதம் கிட்டத்தட்ட உராய்வைச் சொல்கிறது.

சொரசொரப்பு இரண்டு அளவுகளில் இருக்கிறது. விரலால் தடவினால் தெரிவது ஒன்று. அதைக் கோரிலேயே பார்த்துவிடலாம். ஒரு மீட்டர் நீளத்தில் முகம் அலையலையாக இருக்கிறதா, தட்டையாக இருக்கிறதா என்பது இன்னொன்று. ஐந்து செ.மீ. விட்டமுள்ள கோரில் இது தெரியவே தெரியாது. பாறை முகத்தில் ஒரு மீட்டர் நேர்க்கோலை வைத்துப் பாருங்கள். அடியில் இடைவெளி தெரிந்தால் அலை. சொரசொரப்பான அலைக்கு Jr 3, சொரசொரப்பான தட்டைக்கு 1.5. இந்த ஒரு தீர்மானம் க்யூவை இரட்டிப்பாக்கும் அல்லது பாதியாக்கும். நம் 60 டிகிரித் தொகுதி தட்டை: 1.5.

பூச்சு என்றால் பார்க்க வேண்டிய இடம் மாறுகிறது. வெளியே மழை பட்ட முகத்தில் பூச்சு கழுவப்பட்டோ, சிதைவு கூடியோ இருக்கும். இங்கே கோரைத்தான் நம்ப வேண்டும். நகத்தால் சுரண்டுங்கள், எச்சில் தொட்டுத் தேயுங்கள். வழுக்கினால் களிமண், Ja 3, 4 என்று ஏறும். நம் கோரில் மெல்லிய, மென்மையாகாத பூச்சு, லேசான மாற்றம். Ja = 2. ஆர்.எம்.ஆர். அட்டவணையில் இதே நிலை, லேசான சொரசொரப்பு, ஒரு மி.மீ.க்குக் குறைந்த திறப்பு, லேசான சிதைவு என்று வரும்: 25 மதிப்பெண்.

Jr, Ja இரண்டையும் சராசரி எடுக்காதீர்கள். எந்தத் தொகுதியில் பாறை வழுக்கி விழ வாய்ப்பு அதிகமோ அந்த ஒன்றின் மதிப்புகளை ஜோடியாக எடுக்க வேண்டும். க்யூவில் திசைக்கென்று தனி எண் இல்லை. திசை நுழைவது இந்தத் தேர்வின் வழியாகத்தான்.

படி 4: நீர், அழுத்தம், பிறகு கூட்டல்

நீரைச் சுரங்கத்துக்குள் மழைக்காலத்தில் என்ன நடக்கும் என்று நினைத்துப் போட வேண்டும், கோடையில் காய்ந்து கிடக்கும் குவாரி முகத்தைப் பார்த்து அல்ல. பரவலாகச் சொட்டும் என்று எடுப்போம்: ஆர்.எம்.ஆரில் 4, Jw = 0.66. வலிமைக்குப் புள்ளிச்சுமைச் சோதனையில் 5 மெகாபாஸ்கல் வந்தது என்று வைத்தால், 24 மடங்கு, சுமார் 120. அதற்கு 12 மதிப்பெண். பிளவு இடைவெளி 25 செ.மீ.க்கு 10. 60 மீட்டர் ஆழத்தில் மேல் பாறையின் அழுத்தம் சுமார் 1.6 மெகாபாஸ்கல். 120-ஐ அதனால் வகுத்தால் 75. 10-க்கும் 200-க்கும் நடுவில் இருப்பதால் SRF = 1. இதே பாறையில் 15 மீட்டர் ஆழத்திலேயே தோண்டினால் விகிதம் 200-ஐத் தாண்டும், SRF 2.5 ஆகும். பாறை அதேதான்; ஆனால் பிளவுகளை இறுக்கிப் பிடிக்க மேலே போதிய சுமை இல்லை.

```
RMR = 12 + 17 + 10 + 25 + 4 = 68
Q   = (80/9) x (1.5/2) x (0.66/1) = 4.4
```

68-லிருந்து திசைக் கழிவைக் குறைக்க வேண்டும். 60 டிகிரித் தொகுதி சுரங்கப்பாதைக்கு இணையாக ஓடினால் 12 கழிவு. விடை 56, 'சுமார்' வகுப்பு. அதே தொகுதி பாதைக்குக் குறுக்காக ஓடி, சாயும் பக்கமாகவே தோண்டிப் போனால் கழிவே இல்லை. 68, 'நல்ல' வகுப்பு. நம் பாதை இணையாகப் போகிறது என்று எடுத்துக்கொள்வோம். க்யூ 4.4-ம் 'சுமார்' வகுப்பில்தான் வருகிறது, மட்டுமட்டாக.

ஒன்றிலிருந்து மற்றொன்றைக் கணக்கிட RMR = 9 ln Q + 44 என்று ஒரு சூத்திரம் உண்டு. 4.4-க்கு அது 57 தரும். அதைப் பார்த்துத் திருப்தி அடைய வேண்டாம். அந்தச் சூத்திரத்தைச் சுற்றிப் புள்ளிகள் வெகுவாகச் சிதறிக் கிடக்கும். இரண்டையும் தனித்தனியாகப் போட்டு, விலகினால் ஏன் என்று தேடுவதில்தான் பயன் இருக்கிறது.

படி 5: நொறுங்கிய இடத்தைத் தனியாக வையுங்கள்

அந்த 9 செ.மீ. நொறுங்கலையும் காணாமல் போன 4 செ.மீ.யையும் பாறை முகத்தில் தேடிப் பாருங்கள். பக்கத்தில் அது ஒரு மீட்டர் அகலக் களிமண் பட்டையாக விரிந்திருந்தால் அதற்குத் தனி மதிப்பு போட வேண்டும். ஆர்.க்யூ.டி.க்குக் குறைந்தபட்சமான 10, Jn 15, Jr 1, Ja 8, Jw 0.66, SRF 2.5 என்று எடுத்தால் க்யூ 0.02-க்குத்தான் வரும். 4.4-ஐயும் இதையும் சேர்த்துச் சராசரி எழுதினால், அந்தச் சராசரிக்கு உரிய பாறை அந்த மலையில் எங்குமே இருக்காது.

படி 6: எண்ணிலிருந்து தாங்குவேலைக்கு

பாதையின் பயன்பாட்டைப் பொறுத்த பாதுகாப்பு எண்தான் ESR; சாலைச் சுரங்கத்துக்கு ESR = 1. ஆதரவில்லாமல் நிற்கும் அகலம் 2 x ESR x Q^0.4, அதாவது 3.6 மீட்டர். நமக்கு வேண்டியது 10. ஆகவே தாங்குவேலை நிச்சயம். போல்ட் நீளம் 2 + 0.15 x 10 = 3.5 மீட்டர். ஆர்.எம்.ஆர். 56-க்கான பரிந்துரையும் 10 மீட்டர் அகலக் குதிரைலாடப் பாதைக்கே எழுதப்பட்டது: 4 மீட்டர் போல்ட், 1.5 முதல் 2 மீட்டர் இடைவெளியில், கூரையில் கம்பிவலையும் 50–100 மி.மீ. ஷாட்கிரீட்டும், பக்கச்சுவரில் 30 மி.மீ.

அறிக்கையில் ஒற்றை எண்ணை எழுதாமல் வரம்பாக எழுதுங்கள். அலையா தட்டையா என்ற ஒரு சந்தேகத்திலேயே க்யூ 4.4-லிருந்து 8.8 வரை போகிறது. அதையும், எந்த எண் கோரிலிருந்து வந்தது, எது முகத்திலிருந்து வந்தது என்பதையும் பக்கத்திலேயே குறியுங்கள். வேலை தொடங்கியபின் ஒவ்வொரு வெடிக்கும் பிறகு புது முகத்தில் இதே மதிப்பீட்டைத் திரும்பப் போட வேண்டியிருக்கும். அப்போது எந்த ஊகம் மாறியது என்று உடனே பிடிக்க அந்தக் குறிப்புதான் உதவும்.