சக ஊழியரின் அப்பா இறந்துவிட்டார்: அட்டையில் என்ன எழுதுவது?

கிருஷ்ணகிரிப் பக்கம் ஒரு மாங்கூழ்த் தொழிற்சாலையில் ஸ்டோர்ஸ் பிரிவில் இருக்கிறேன். மூன்று வருடங்களுக்கு முன்பு எங்களோடு வேலை பார்த்த ஒரு பாயின் அம்மா இறந்துபோனார். ஆளுக்கு ஒரு வரி எழுதி ஒரே அட்டையாகக் கொடுக்கலாம் என்று சுற்றுக்கு விட்டோம். முதல் ஆள் ‘ஓம் சாந்தி’ என்று எழுதினார். அடுத்தவர் அதைப் பார்த்து அதையே எழுதினார். அட்டை என் கைக்கு வந்தபோது ஏழு ‘ஓம் சாந்தி’ இருந்தது. எட்டாவதை எழுதியவன் நான். பாய் வாங்கிப் பார்த்துவிட்டு “பரவால்ல சார், நன்றி” என்றார். அந்தப் ‘பரவால்ல’ இன்னும் காதில் இருக்கிறது.

அதற்குப் பிறகு எனக்காக வகுத்துக்கொண்ட வழியைத்தான் இங்கே எழுதுகிறேன். இந்த மாவட்டத்தில் ஒரே ஷிஃப்டில் தமிழ், தெலுங்கு, கன்னடம், உருது பேசுகிறவர்கள் சேர்ந்து வேலை பார்க்கிறோம். பக்கத்து மேசைக்காரர் வீட்டில் சாவுக்கு என்ன வழக்கம் என்பது பெரும்பாலும் நமக்குத் தெரியாது. தெரியாமலே, தப்பில்லாமல் எழுத முடியும்.

முதலில் அட்டை

இரங்கலுக்கென்று அச்சடித்த அட்டை நம்மூர்க் கடைகளில் கிடைப்பது அபூர்வம். தேடி அலைய வேண்டாம். வெள்ளை சார்ட் அட்டையில் ஏ4 அளவு வாங்கி, பாதியாக வெட்டி, அந்தப் பாதியை மடித்தால் உள்ளங்கையை விடக் கொஞ்சம் பெரிதாக, ஏறக்குறைய 10.5 × 15 செ.மீ. அட்டை வரும். எழுத அந்த இடம் போதும். அதற்கு மேல் இடம் இருந்தால் நிரப்பத் தோன்றும்.

கவர் வாங்கும்போது கவனம். கடைக்காரர் பழக்கத்தில் ஒரு ரூபாய்க் காசு ஒட்டிய மொய்க் கவரை எடுத்து நீட்டுவார். அது கல்யாணத்துக்கு. வெறும் வெள்ளைக் கவர் என்று கேட்டு வாங்குங்கள். பேனா நீலமோ கறுப்போ. சிவப்பு வேண்டாம்.

இன்னொன்று, கை தானாகச் செய்துவிடும் வேலை: தாளை எடுத்தவுடன் மேலே ‘உ’ போடுவது. பிள்ளையார் சுழி போட்டே பழகிய கைக்கு அது எழுத்தாகவே தெரியாது. நான் ஒரு அட்டையை இப்படி வீணாக்கியிருக்கிறேன். 786 போட்டுப் பழகியவர்களுக்கும், ஓரத்தில் சின்னச் சிலுவை போட்டுப் பழகியவர்களுக்கும் இதே கதைதான்.

பழக்கத்தில் வரும் வாக்கியத்தை எழுதிப் பாருங்கள்

அட்டையில் அல்ல, ஒரு கசங்கல் தாளில். நம் எல்லோருக்கும் மனதில் தயாராக இருப்பது இதுதான்:

‘தங்கள் தந்தையார் இறைவனடி சேர்ந்த செய்தி கேட்டு மிகுந்த துயருற்றேன். அன்னாரது ஆன்மா சாந்தியடைய எல்லாம் வல்ல இறைவனைப் பிரார்த்திக்கிறேன்.’

இதில் எது மதம், எது மதமில்லை என்று ஒவ்வொரு சொல்லாகப் பட்டியல் போட்டு மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. நான் ஒரே ஒரு கேள்விதான் கேட்டுக்கொள்வேன்: இறந்தவர் இப்போது எங்கே, எப்படி இருக்கிறார் என்று இந்த வரி ஏதாவது சொல்கிறதா?

இறைவனடி சேர்ந்தார் என்றால் ஓர் இடத்துக்குப் போயிருக்கிறார். ஆன்மா சாந்தியடையட்டும் என்றால் ஆன்மா என்று ஒன்று இருக்கிறது, அது இப்போது ஏதோ ஒரு நிலையில் இருக்கிறது. சிவலோக பதவி, வைகுண்ட பதவி, கர்த்தருக்குள் நித்திரை, எல்லாம் இதே வகைதான். ‘எங்கிருந்தாலும் உங்களைப் பார்த்துக்கொண்டிருப்பார்’, ‘தெய்வமாக நின்று காப்பார்’ என்பவை அன்பாகத்தான் ஒலிக்கும். ஆனால் அவையும் இறந்தவரைப் பற்றி நிகழ்காலத்திலும் எதிர்காலத்திலும் பேசுகின்றன. சாவுக்குப் பிறகு என்ன என்பதில்தான் ஒவ்வொரு வீடும் வேறுபடுகிறது. அங்கே நாம் கால் வைக்க வேண்டாம்.

ஆகவே இறந்தவரைப் பற்றி எழுதுவதெல்லாம் இறந்தகாலத்தில் இருக்கட்டும். அவர் என்ன செய்தார், எப்படி இருந்தார். நிகழ்காலமும் எதிர்காலமும் உங்களுக்கும் சக ஊழியருக்கும் மட்டும்.

இதை வைத்து மேலே உள்ள வாக்கியத்தை வடிகட்டினால் இவ்வளவுதான் மிஞ்சும்: ‘தங்கள் தந்தையார் ... செய்தி கேட்டு மிகுந்த துயருற்றேன்.’ நடுவில் ஒரு வினைச்சொல் வேண்டும். ‘காலமான’ என்பது எந்த வீட்டிலும் பொருந்தும். ‘மறைவு’ என்பதும் அப்படித்தான். ‘இயற்கை எய்திய’ என்பதில் கடவுள் இல்லை, உண்மைதான். ஆனால் கடவுள் மறுப்பு வீடுகளில் விரும்பிப் போடும் சொல் அது. பக்தியான வீட்டில் அது வேறொரு பக்கம் சாய்ந்த மாதிரி கேட்கலாம். ‘அமரர்’ வேண்டாம், அதற்குத் தேவர் என்றும் பொருள் உண்டு. பேச்சில் சொல்கிற ‘தவறிட்டாங்க’ நேரில் சொல்ல நன்றாக இருக்கும், எழுத்தில் கொஞ்சம் தடுக்கும்.

அப்புறம் ‘தங்கள் தந்தையார்’. தினமும் டீ குடிக்கும்போது ‘உங்கப்பா எப்படி இருக்கார்’ என்று கேட்ட ஆளுக்கு, இன்று திடீரென ‘தந்தையார்’ என்றால் ஆபீஸ் சர்க்குலர் போல ஆகிவிடும். ‘உங்கள் அப்பா’ போதும்.

ஒரு உண்மையைச் சேருங்கள்

வடிகட்டிய வரி சுத்தமாக இருக்கும், ஆனால் யார் வீட்டுச் சாவுக்கும் பொருந்தும். அதை இந்த ஒருவருக்கானதாக மாற்ற, நீங்களே பார்த்த அல்லது கேட்ட ஒரே ஒரு விஷயம் வேண்டும். போன சீசனில் நான் எழுதியதையே சொல்கிறேன்.

எங்கள் லேபில் மாங்கூழுக்கு பிரிக்ஸ், அதாவது சர்க்கரை அளவு, பார்க்கும் அக்கா ஒருவர், வேப்பனஹள்ளிப் பக்கத்துக்காரர். பெங்களூரா மாம்பழம் லாரி லாரியாக வந்து இறங்கிக்கொண்டிருந்த ஜூன் மாதத்தில் அவருடைய அப்பா இறந்துவிட்டார். வீட்டில் தெலுங்கு. அப்பாவை ‘நைனா’ என்றுதான் கூப்பிடுவார். அவர்கள் என்ன சாமி கும்பிடுகிறார்கள், கும்பிடுகிறார்களா என்பதெல்லாம் எனக்குத் தெரியாது.

முதலில் எழுதியது: ‘உங்கள் நைனா மிகவும் நல்ல மனிதர்.’ அடித்துவிட்டேன். அவரோடு நான் பத்து வார்த்தை கூடப் பேசியதில்லை. அடுத்து: ‘வயதானவர், அவஸ்தைப்படாமல் போய்ச் சேர்ந்தார் என்று ஆறுதல் கொள்ளுங்கள்.’ அதையும் அடித்தேன். அவஸ்தைப்பட்டாரா இல்லையா என்று எனக்கு எப்படித் தெரியும்? ஆறுதல் எது என்று தீர்மானிக்கிற உரிமையும் என்னிடம் இல்லை. ‘கல்யாண சாவு’ என்பதை அந்த வீட்டுக்காரர்கள் சொல்லலாம். நாம் சொல்லக் கூடாது.

அப்போதுதான் தொழிற்சாலை கேட்டுக்கு வெளியே இருக்கும் புளியமரம் நினைவுக்கு வந்தது. ஷிஃப்ட் முடியும்வரை அந்தப் பெரியவர் அதன் அடியில் வண்டியை நிறுத்திவிட்டுக் காத்திருப்பார். அவ்வளவுதான் எனக்குத் தெரிந்தது. அதுவே போதுமானதாக இருந்தது.

அப்பாவைக் கூப்பிடும் சொல்லை அவர் வாயிலிருந்து நீங்கள் பலமுறை கேட்டிருந்தால் அதையே எழுதலாம்: நைனா, அத்தா, எதுவானாலும். ஊகித்து எழுதாதீர்கள். சந்தேகம் இருந்தால் ‘அப்பா’, ‘அம்மா’.

கடைசியாக, செய்யக்கூடிய ஒன்று

‘எந்த உதவி வேண்டுமானாலும் கேளுங்கள்’ என்று எழுதினால் யாரும் கேட்க மாட்டார்கள். நீங்கள் செய்யப்போகிற சின்ன வேலையை, நாள் குறித்துச் சொல்லிவிடுங்கள். ஆபீஸ் வேலையாக இருப்பது நல்லது. வீட்டுச் சடங்கு, சாப்பாடு, காரியம் இவற்றில் தலையிடாத உதவி அது.

அட்டையில் போனது இவ்வளவுதான்:

> அக்கா,
> உங்கள் நைனா காலமானது அறிந்து மிகவும் வருந்துகிறேன். ஷிஃப்ட் முடியும்வரை புளியமரத்தடியில் உங்களுக்காக அவர் காத்திருந்தது கண்ணிலேயே நிற்கிறது. இந்த மாதம் முழுக்க உங்கள் சனிக்கிழமை ரிப்போர்ட்டை நான் போட்டுவிடுகிறேன்.

கீழே என் பெயர், ‘ஸ்டோர்ஸ்’. முடிக்கும்போதும் கை ஏமாற்றும்: ‘வாழ்த்துகளுடன்’ என்று வந்துவிடும். ‘மீண்டும் சந்திப்போம்’ என்பதும் வேண்டாம். துக்க வீட்டில் ‘போய்ட்டு வர்றேன்’ சொல்லாமல் கிளம்புகிற ஊர் இது. பெயர் மட்டும் போதும்.

நினைவு எதுவும் இல்லையென்றால்

பெற்றவரை நீங்கள் பார்த்ததே இல்லையென்றால், அவர் உங்கள் சக ஊழியர் வழியாக எப்படி உங்களிடம் வந்தார் என்று பாருங்கள்: ‘உங்கள் அம்மாவை நான் பார்த்ததில்லை. அவர் கட்டிக் கொடுத்த களியை நாம் பங்கு போட்டுச் சாப்பிட்டதை மறக்க மாட்டேன்.’

அப்பாவோடு பேச்சுவார்த்தையே இல்லாமல் இருந்தவர்களும் உண்டு. அது உங்களுக்குத் தெரியும் என்றால் பாசம், தியாகம் என்று எதையும் இழுக்காதீர்கள். ‘உங்கள் அப்பா காலமானது அறிந்தேன். இரண்டு நாளாக உங்கள் நினைப்பாகவே இருக்கிறது.’ இவ்வளவு போதும்.

பலர் சேர்ந்து கொடுக்கும் அட்டை என்றால் ஒருவர் மட்டும் வாசகம் எழுதட்டும், மற்றவர்கள் கையெழுத்து மட்டும் போடட்டும். ஏன் என்று முதல் பத்தியிலேயே சொல்லிவிட்டேன்.

கொடுப்பது

சாவு வீட்டுக்கு அட்டையைக் கொண்டு போகாதீர்கள். அங்கே போய்ச் சற்று நேரம் உட்கார்ந்துவிட்டு வந்தால் போதும். அட்டை அவர் வேலைக்குத் திரும்புகிற அன்றைக்கு. பத்துப் பேர் பார்க்கக் கையில் கொடுத்தால் அங்கேயே பிரிக்க வேண்டியிருக்கும், அழுகை வரும். நான் லேப் ரெஜிஸ்டருக்குள் வைத்துவிட்டு வந்தேன். படித்தீர்களா என்று கேட்கவில்லை.

அக்காவும் அதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. இரண்டு வாரம் கழித்து ஸ்டோர்ஸ் ஜன்னலில் வந்து நின்று, “சனிக்கிழமை ரிப்போர்ட்ல பிரிக்ஸ் போடற கட்டத்துல டேங்க் நம்பரைப் போட்டு வெச்சிருக்கீங்க. குடுங்க, நானே போட்டுக்கறேன்” என்றார்.