அலையே இல்லாத ஆற்றில் படகு ஏன் கவிழ்கிறது? புதிதாக ஓட்டுபவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கடலூர் முதுநகர்ப் பக்கம் உப்பனாற்றில் பல வருடம் ஆள் ஏற்றிப் படகு ஓட்டியிருக்கிறேன். போன வாரம் ஒரு பையன் துறையில் படகை அணைத்த விதத்தைப் பார்த்து வயிறு கலங்கிவிட்டது. நான் தொடக்கத்தில் செய்த அதே தவறு. குடித்துவிட்டு ஓட்டாதே, டீசல் பார்த்துக்கொள் என்பதெல்லாம் யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. அவற்றை விட்டுவிடுகிறேன்.

கரை வந்ததும் எல்லோரையும் எழுந்து நிற்க விடுவது

இதை இன்றைக்குப் பார்த்தாலும் எனக்குக் கோபம் வரும். மாசி மகத்தன்று சாயங்காலம் ஒரு நடை. காற்று கிடையாது, ஆறு எண்ணெய் மாதிரிக் கிடந்தது. பன்னிரண்டு பேர் ஏற வேண்டிய ஃபைபர் படகில் பத்தொன்பது பேரை ஏற்றியிருந்தேன். நடு ஆற்றில் ஒன்றும் ஆகவில்லை. துறைக்கு இரண்டு கை தூரம் இருக்கும்போது, முதலில் இறங்கிவிட வேண்டும் என்று பாதிப் பேர் எழுந்து வலது பக்கம் வந்துவிட்டார்கள். விளிம்பு அமிழ்ந்து தண்ணீர் உள்ளே புகுந்தது. "உட்காருங்கம்மா!" என்று கத்தி முடிப்பதற்குள் பாதிப் படகு ஆற்றில். இடுப்பளவு தண்ணீர் என்பதால் எல்லோரும் பிழைத்தோம்.

ஏன் அப்படி ஆனது என்று பிறகுதான் விளங்கியது. படகு சாயும்போது, அமிழ்கிற பக்கத்தைத் தண்ணீர் மேலே தள்ளும். படகு நிமிர்வது அதனால்தான். ஆனால் படகில் உள்ள பாரம் உயரே போகப் போக அந்தத் தள்ளலுக்குப் பலன் குறையும். உட்கார்ந்திருக்கும் ஆள் எழுந்தால் அவருடைய பாரம் ஒரு சாணுக்கு மேல் உயர்கிறது. பத்துப் பேர் சேர்ந்து எழுந்தால் படகே வேறு படகாகிவிடும்.

தோராயமாக ஒரு கணக்கு போடலாம். ஏழு மீட்டர் நீளம், இரண்டு மீட்டர் அகலப் படகு. பன்னிரண்டு பேர் உட்கார்ந்தால் விளிம்பு தண்ணீருக்கு மேல் 30 செ.மீ. நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். எட்டுப் பேர் நடுவிலிருந்து ஒரு பக்கம் போனால் அந்தப் பக்க விளிம்பு 20 செ.மீ.க்கும் கொஞ்சம் அதிகமாகத் தாழும். பயம்தான், ஆனாலும் தண்ணீர் ஏறாது. இன்னும் பத்துப் பேரை ஏற்றுங்கள். படகு ஆறு செ.மீ. தாழ்ந்து 24 செ.மீ.தான் மிச்சம். பாரமும் உயர்ந்துவிட்டதால் அதே எட்டுப் பேர் நகர்ந்தால் முன்னைவிட அதிகமாகச் சாயும். விளிம்பு தண்ணீரைத் தொட்டுவிடும். உள்ளே வந்த தண்ணீர் தாழ்ந்த பக்கமே ஓடும், அந்தப் பக்கத்தை இன்னும் அழுத்தும். அதற்கப்புறம் நிமிர்த்த முடியாது.

2009 செப்டம்பரில் தேக்கடி ஏரியில் இரண்டடுக்குப் படகு கவிழ்ந்து 45 பேர் இறந்தார்கள். விலங்குகளைப் பார்க்கப் பயணிகள் ஒரு பக்கம் திரண்டார்கள். அங்கே அலை இல்லை, புயல் இல்லை.

அதனால் அணைக்கும் முறையை மாற்றுங்கள். அணியத்திலும் பின்பக்கத்திலும் கயிறு கட்டி முடியும் வரை ஒருவரும் எழக்கூடாது. அப்புறம் இருவர் இருவராக, நடுவழியாக வந்து இறங்க வேண்டும். ஏறும்போதே இதைச் சொல்லிவிடுங்கள், கரை நெருங்கும்போது சொன்னால் யார் காதிலும் விழாது.

"மெதுவா ஆடுது, நல்ல படகு"

தவறு. சாய்ந்த படகு வெடுக்கென்று நிமிர்ந்தால் பலம் இருக்கிறது. ஒரு பக்கம் சாய்ந்து யோசித்து யோசித்து நிமிர்ந்தால், உடனே ஆளைக் குறையுங்கள்.

கூரை மேல் ஆள்

ஒருவர்கூட வேண்டாம்.

அடித்தண்ணீரை அப்புறம் இறைக்கலாம் என்பது

ஆள் ஏறுவதற்கு முன்பே இறைத்துவிடுங்கள்.

லைஃப் ஜாக்கெட்டைப் பலகைக்கு அடியில் அடுக்கி வைப்பது

படகு கவிழ்வது சில நொடியில் முடிந்துவிடும். கட்டிப்போட்ட மூட்டையை அவிழ்க்க அதில் நேரம் எங்கே? ஏறும்போதே போட்டு, பட்டையை இழுத்துக் கட்டிவிட வேண்டும். "எனக்கு நீச்சல் தெரியும் தம்பி" என்பவருக்கும் சேர்த்துத்தான். பக்கத்தில் இருப்பவர் கழுத்தைப் பிடித்துக்கொண்டால் நீச்சல் உதவாது.

இவ்வளவு மெல்லிய ஜாக்கெட் என்னைத் தாங்குமா என்று கேட்பார்கள். முழு எடையையும் அது தாங்க வேண்டியதில்லை. நம் உடம்பு தண்ணீரில் பெரும்பாலும் தானே மிதக்கும், தலையை மேலே வைக்க நாலைந்து கிலோ மிதப்புக் கொடுத்தால் போதும். ஆனால் வெயிலில் கிடந்து நசுங்கிப்போன ஃபோமுக்கு அந்தப் பலம் இருக்காது. கட்டை விரலால் அழுத்திப் பாருங்கள், பள்ளம் அப்படியே நின்றால் அதைத் தூக்கிப் போட வேண்டியதுதான்.

குழந்தைக்குப் பெரியவர் ஜாக்கெட்டைப் போட்டால், தண்ணீரில் விழுந்ததும் ஜாக்கெட் மேலே மிதக்கும், குழந்தை கீழே நழுவிவிடும். போட்ட பிறகு தோள்பட்டையைப் பிடித்து மேலே தூக்கிப் பாருங்கள். காதைத் தாண்டி ஏறினால் அது அந்தக் குழந்தைக்கானது இல்லை. சின்ன அளவு இல்லையென்றால் அந்த நடையில் குழந்தையை ஏற்றாதீர்கள், தாயார் சண்டை போட்டாலும் சரி.

துறை தெரிந்ததும் ஜாக்கெட்டைக் கழற்றித் தரச் சொல்லி வாங்கி அடுக்குகிற பழக்கமும் நம்மிடம் இருக்கிறது. என் படகு சாய்ந்தது அந்த இடத்தில்தான், துறைக்கு இரண்டு கை தூரத்தில். ஜாக்கெட்டைக் கரையில் வாங்கிக்கொள்ளுங்கள்.